தினமும் காலையில 2014 ஜனவரி 1: மதர்போர்ட் பற்றரி அனுபவங்கள்

புறக்கோட்டைக் கடை
எங்கட கடையில பழைய வயரிங். பூட்டேக்க மெயினை நிறுத்திப்போட்டுத்தான் போவம். கொஞ்ச நாளா காலையில கம்ப்யூட்டரைப் போட்டா 2014 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி. திருத்திப்போட்டு வேலையைத் தொடங்குவன். ஒரு சனிக்கிழமை சனம் கூட, மறந்திட்டன். மூண்டு நாளுக்குப் பிறகு ஒரு வாடிக்கையாளர் பில்லை மேசையில வைச்சார். "தம்பி, இது 2014 பில். எங்கட கணக்குப்பிள்ளை எடுக்கமாட்டன் எண்டுறார்." பார்த்தா அண்டைக்குப் போட்ட 41 பில்லும் அப்பிடித்தான். கடன் பட்டியலில என்ர புதுக் கடன்காரர் எல்லாரும் பத்து வருசப் பாக்கிக்காரரா நிண்டினம். அந்த மனுசன்ர முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

கொட்டாஞ்சேனை
இதுக்குப் பற்றரியே மாற்றத் தேவையில்லை. விண்டோஸில் நேரத்தைத் தானாக எடுக்கும்படி போட்டுவிடுங்கள். என்னுடையது 7 நிமிடம் பிந்திக்கொண்டே இருந்தது, இன்டர்நெட் வந்ததும் தானே சரியாகிவிட்டது.

திருத்துறவர்
7 நிமிடம் என்றால் சரி, 10 வருடம் என்றால் சரிவராது. வீட்டு, கடை கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 15 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் கண்டால் வழமையாகத் தானாகத் திருத்தாது. பிரவுசரும் NET::ERR_CERT_DATE_INVALID என்று பக்கங்களைத் தடுக்கும்.

நேரம் மட்டும் என்றால் நானும் இவ்வளவு எழுதமாட்டேன். ஒரு வீட்டுக்குப் போனேன். திரையில் INACCESSIBLE_BOOT_DEVICE. எனக்கு முன் வந்தவர் விண்டோஸ் பழுது என்று டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார். மூன்று நாளில் அதே நீலத் திரை. பயோஸுக்குள் போனால் திகதி பழையது, டிஸ்க் முறையும் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருந்தது. அதை மாற்றியதும் விண்டோஸ் எழும்பியது. பற்றரி செத்தால் நேரத்தோடு அந்த அமைப்புகளும் போய்விடும். அந்த அம்மா மகளின் கல்யாணப் படங்களைக் கேட்டுக்கொண்டே நின்றார். அவை முதல் அழிப்பிலேயே போய்விட்டன. 2032 பற்றரி ஒன்றோடு முடிந்திருக்க வேண்டிய வேலை.

கடைத் தம்பிக்கு: பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை கம்ப்யூட்டர் நிறுத்தியிருந்தாலும் மதர்போர்டுக்குக் கொஞ்சம் கரண்ட் வரும், கடிகாரம் அதில்தான் ஓடும். நீங்கள் மெயினை நிறுத்துவதால் இரவு முழுக்கப் பற்றரிதான் சுமக்கிறது. அதனால்தான் உங்களுடையது சீக்கிரம் தீருகிறது. மெயினை நிறுத்துவதை விடச் சொல்லவில்லை, பழைய வயரிங்குக்கு அது நல்லது. பற்றரியைக் கழற்றி மீற்றரில் பாருங்கள். புதிது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.7க்குக் கீழ் என்றால் மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, எழுத்துள்ள முகம் மேலே வரப் போடுங்கள். 2025 பற்றரி வாங்காதீர்கள், அது 2.5 மில்லிமீற்றர்தான் தடிப்பு, 3.2 வேண்டிய இடத்தில் தளர்ந்து நிற்கும். போட்டவுடன் பயோஸில் திகதியையும் டிஸ்க் முறையையும் பாருங்கள். பற்றரியைக் கழற்றமுன் பழைய அமைப்புகளைப் போனில் படம் எடுத்து வைத்தால் தேட வேண்டிவராது.

வெள்ளவத்தை அக்கா
எனக்கும் இதுதான்! நேரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பிந்தும், திகதி பெரும்பாலும் சரி. இரண்டு பற்றரி மாற்றினேன், மாற்றமில்லை. மகன் உபுண்டு போட்ட பிறகுதான் தொடங்கியது. அவனைக் கண்டபடி ஏசினேன்.

திருத்துறவர்
அக்கா, உங்களுடையது பற்றரி இல்லை. உபுண்டு கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இலங்கை நேரமென்று வாசிக்கிறது. வித்தியாசம் அதே ஐந்தரை மணி. உபுண்டுவில் இதைக் கொடுக்கச் சொல்லுங்கள்:

```
timedatectl set-local-rtc 1
```

கொட்டாஞ்சேனை
15 மணித்தியால விஷயம் எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒருதரம் கையால் திருத்தினால் பிறகு இன்டர்நெட் பார்த்துக்கொள்ளும்தானே?

புறக்கோட்டைக் கடை
அண்ணா, நான் தினமும் திருத்தினனான். அடுத்த காலை திரும்ப 2014. ஒருநாள் மறந்ததுக்குத்தான் இவ்வளவும். மீற்றரில பார்த்தன், 2.3. புதுசு போட்டாச்சு.

தெமட்டகொடை
என்னுடைய புதுப் பற்றரி மூன்று கிழமையில் செத்தது. இரண்டாவதும் அப்படியே. கடைக்காரர் பழைய சரக்கு தந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

திருத்துறவர்
இரண்டும் ஒரே கணக்கில் தீர்ந்ததென்றால் போர்டைச் சந்தேகியுங்கள். 2032இல் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். மூன்று கிழமையில் அது தீர 400 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். நல்ல போர்ட் சில மைக்ரோ ஆம்பியரே எடுக்கும். பற்றரிக்குப் பக்கத்தில் பயோஸை அழிக்கும் ஜம்பர் தவறான இரண்டு ஊசியில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தெமட்டகொடை
ஜம்பர் சரியான இடத்தில்தான். புதிது போட்ட அன்று 3.21, இன்று ஐந்தாம் நாள் 2.94. வேறு கடையில் வாங்கியது.

திருத்துறவர்
அப்படியென்றால் போர்டில் எங்கோ கசிகிறது. எந்த உதிரி என்று கையில் எடுக்காமல் சொல்ல முடியாது. அதுவரை சுவரில் சுவிட்சை நிறுத்தாமல் விடுங்கள். பத்தாம் நாள் அளவையும் எழுதுங்கள்.