ராஜ்மா நச்சுக்குத் தமிழில் என்ன பெயர்?

இளங்கோ எழுதியது:

நண்பர்களே, வீட்டுச் சமையலுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ராஜ்மா பக்கத்தில் சிக்கிக்கொண்டேன். சரியாக வேகாத ராஜ்மாவைத் தின்றவருக்கு வாந்தி வரவைக்கும் புரதத்தின் பெயர் ஃபைட்டோஹீமஅக்ளூட்டினின். அடுப்படியில் நிற்பவர் இதைப் படித்து முடிப்பதற்குள் பருப்பு தீய்ந்துவிடும். 'தாவர இரத்த உறைவி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மீனாட்சி எழுதியது:

'உறைவி' வேண்டாம், இளங்கோ. இரத்தம் உறையும்போது இழைப்புரதம் வலை பின்னுகிறது. இங்கே நடப்பது வேறு. இந்தப் புரதத்துக்கு நான்கு கைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை ஒரு சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கிறது, இன்னொரு கை பக்கத்து அணுவினுடையதை. சோதனைக் குழாயில் இரத்தம் மணல்மணலாகத் திரண்டு நிற்கும். ஆகவே 'குருதித்திரளி' என்றால் பிழையில்லை.

ஆனால் எனக்கு அதிலும் மனம் ஒப்பவில்லை. அது சோதனைக் குழாயைப் பார்த்து வைத்த பெயர். ராஜ்மா தின்றவருக்கு இரத்தம் திரண்டு நோய் வருவதில்லை. செரிமான நொதிகளுக்கு எளிதில் மசியாமல் குடல்வரை போய், குடற்சுவர் அணுக்களின் சர்க்கரையைப் பிடித்துக்கொள்வதால்தான் தொல்லை. பிடிப்பதுதான் இதன் குணம். 'அவரைக்கவ்வி' எப்படி?

ரஹீம் எழுதியது:

எதற்கு இவ்வளவு பயம்? எங்கள் வீட்டில் சிவப்புக் காராமணியை ஊறவைத்து முளைகட்டிப் பச்சையாகவே தின்கிறோம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் நஞ்சும் போய்விடுமே.

மீனாட்சி எழுதியது:

ரஹீம், காராமணி தட்டைப்பயற்றின் இனம். ராஜ்மா நம் பீன்ஸ் செடியின் முற்றிய விதை. நிறம் ஒன்றென்பதால் குணமும் ஒன்றாகிவிடாது. தண்ணீரைக் கொட்டுவது நல்லதுதான், கொஞ்சம் குறையும். பெரும்பகுதி பருப்புக்குள்ளேயே இருக்கும். ராஜ்மாவை மட்டும் முளைகட்டிப் பச்சையாகத் தின்றுவிடாதீர்கள். நான்கைந்து பச்சை விதைகளே போதும். 1976இல் பிரிட்டனில் சுற்றுலா போன பள்ளி மாணவர்கள் சிலர், ஊறவைத்ததை வேகவைக்காமலே தின்று நோயுற்றார்கள்.

ஷர்மிளா எழுதியது (லெஸ்டர்):

பெயர் எதுவானாலும் சரி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் இரவெல்லாம் ஊறவைத்த ராஜ்மாவை, வெங்காயம் தக்காளியோடு ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் விரலால் நசுக்கினால் நசுங்கியது. ஏழு மணிக்குச் சாப்பிட்டோம். ஒன்பதரைக்கு என் கணவருக்கு வாந்தி தொடங்கியது, பிறகு எனக்கு, அப்புறம் இருவருக்கும் வயிற்றுப்போக்கு. ஒன்றரை மணிக்கெல்லாம் ஓய்ந்துவிட்டது. இரண்டு கரண்டி மட்டும் தின்ற மகள் நிம்மதியாகத் தூங்கினாள். கறியில்தான் கோளாறு என்று கோழியைத் தேடினால், அன்று கோழியே சமைக்கவில்லை!

மீனாட்சி எழுதியது:

அதேதான், ஷர்மிளா. தின்று ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் தொடங்கி, மேலும் மூன்று நான்கு மணி நேரத்தில் தணிவது இதன் போக்கு. நசுங்கினால் வெந்தது என்று நம்பியதுதான் தவறு. சூடு 75 பாகை செல்சியஸைத் தாண்டாத பாத்திரத்திலும் நேரம் போகப்போகப் பருப்பு மென்மையாகிவிடும், நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். 80 பாகையில் வைத்தால் பச்சையில் இருந்ததைவிட ஐந்து மடங்குவரை நச்சுத்தன்மை கூடியும் போகலாம்.

கொதி நிலையில் கதையே மாறுகிறது. பச்சை ராஜ்மாவில் இந்த நஞ்சு 20,000 முதல் 70,000 அலகு. நன்றாகக் கொதித்து வெந்ததில் 200 முதல் 400தான். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுநீரில் போட்டு, தளதளவென்று குமிழி எழும்பும் நேரத்திலிருந்து குறைந்தது பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அதன்பிறகு ஸ்லோ குக்கரில் போட்டுக்கொள்ளலாம். பிரஷர் குக்கரில் வேகவைப்பவருக்குக் கவலையில்லை.

இளங்கோ எழுதியது:

அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை முப்பது நிமிடம் என்கிறதே?

மீனாட்சி எழுதியது:

பத்து நிமிடத்திலேயே புரதம் சிதைந்துவிடும். பெரிய பாத்திரத்தில் நடுவிலுள்ள பருப்பும் அந்தச் சூட்டை எட்டியதா என்ற ஐயத்துக்காகக் கூட்டிச் சொல்கிறார்கள். கையேட்டில் முப்பதே போடுங்கள். எரிவாயுவைப் பார்க்காதீர்கள்.

ரஹீம் எழுதியது:

'அவரைக்கவ்வி' என்றால் எங்கள் ஊரில் அவரைக்காய் பறிக்கும் கொக்கி என்று நினைப்பார்கள். வெள்ளை ராஜ்மாவிலும் இருக்கிறதா?

மீனாட்சி எழுதியது:

இருக்கிறது, சிவப்பில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கொக்கி என்பது எனக்குப் பிடித்திருக்கிறது, வேலையும் அதுதானே! இந்தப் புரத இனம் முழுவதற்கும் 1954இல் வில்லியம் பாய்ட் 'லெக்டின்' என்று பெயரிட்டார். தேர்ந்தெடுப்பது என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து எடுத்தார். அதை 'தேர்புரதம்' என்றும், ராஜ்மாவினுடையதை மட்டும் 'கவ்வி' என்றும் பிரிக்கலாமா?

இளங்கோ எழுதியது:

இப்போதைக்குப் பக்கத்தில் 'ராஜ்மா நஞ்சு' என்றே விட்டுவிட்டேன். சொல்லடைவில் 'குருதித்திரளி', 'அவரைக்கவ்வி' இரண்டும் இருக்கின்றன. ஆனால் 'தளதளவென்று' என்பதைத் திருத்துநர் அடித்துவிட்டு 'மிதமாக' என்று எழுதியிருக்கிறார். அதற்குத்தான் இப்போது சண்டைபோடப் போகிறேன்.