சக்சினிக் அமிலம்: பிஎச் 5இல் கணக்கும் தரம்பார்த்தலும் பொருந்தவில்லை

0.1 மோலார் சக்சினிக் அமிலத்தில் 25 மி.லி. எடுத்து, அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து, 25 டிகிரி வெப்பநிலையில் பிஎச் 5.00க்குக் கொண்டுவந்தேன். நூலில் உள்ள பிரிகை மாறிலிகள் K1 = 6.2×10⁻⁵, K2 = 2.3×10⁻⁶. மூன்று வடிவங்களின் விகிதத்தை இப்படிக் கணக்கிட்டேன்:

```
H² : K1·H : K1·K2 = 1.00 : 6.20 : 1.43
```

மொத்தமான 8.63ஆல் வகுத்தால் முழு அமிலம் 0.116, ஒரு புரோட்டான் இழந்தது 0.719, இரண்டும் இழந்தது 0.165 எனக் கிடைக்கிறது. கூட்டுத்தொகை 1 என்பதால் எண்கணிதத்தில் பிழையில்லை. இதன்படி ஒரு மோல் அமிலத்துக்கு 0.719 + 2×0.165 = 1.05 மோல் காரம், அதாவது 26.2 மி.லி. போதும். ஆனால் பியூரெட்டில் ஒவ்வொரு முறையும் 30 மி.லி.யை ஒட்டியே செலவாகிறது.

காரத்தை மறுபடி தரப்படுத்தினேன். பிஎச் மானியை 4, 7 தாங்கல் கரைசல்களில் சரிபார்த்தேன். மூன்று முறை தரம்பார்த்தும் மாற்றமில்லை. இரு மாறிலிகளும் நெருக்கமானவை என்பதால் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகக் கணக்கிடும் குறுக்குவழி இங்கே செல்லாது, அதை நான் பயன்படுத்தவும் இல்லை. நூலின் மாறிலிகள் அயனி வலிமை பூச்சியமான நிலைக்கு உரியவை. என் கரைசலிலோ அது ஏறத்தாழ 0.07. எனவே இரட்டை மின்னேற்ற அயனியைச் சார்ந்த K2தான் அதிகம் நகர்ந்திருக்க வேண்டும் என்று ஐயுறுகிறேன்.

பிஎச் மானி ஹைட்ரஜன் அயனியின் செறிவை அல்லாமல் அதன் பயனுறு அளவையே காட்டுவதால், K1, K2 இரண்டையும் டேவிஸ் சமன்பாட்டால் திருத்தும்போது ஹைட்ரஜன் அயனியின் குணகத்தை விட்டுவிட்டு, அமில அயனிகளின் குணகங்களை மட்டும் சேர்ப்பது சரியா?