கார் முக்குல திரும்புது, ஸ்பீடு மாறல, வெலாசிட்டி மாற்றம் மட்டும் 21.2 ஆ? திசை வேற இடிக்குது, அவசரம்

கார்த்தி_11பி
நாளைக்கு டெஸ்ட் இருக்கு சீக்கிரம் சொல்லுங்க. ஒரு கார் 15 மீ/வி ஸ்பீடுல போய் ஒரு முக்குல திரும்புது, ஸ்பீடு அப்படியே இருக்கு. வெலாசிட்டி எவ்ளோ மாறுச்சுன்னு கேள்வி. நான் ரெண்டு அம்பு வரைஞ்சு போட்டேன் 21.2 வந்துச்சு, கைடுலயும் 21.2 தான், ஆனா திசை வடமேற்குன்னு இருக்கு. எனக்கு வடகிழக்கு தான் வருது. கைடு தப்பா?

மீனாட்சி_பிசிக்ஸ்
எந்தப் பக்கம் போயிட்டு இருந்த கார் எந்தப் பக்கம் திரும்புச்சு? எத்தனை டிகிரி? 21.2 வர்றதால 90ன்னு நினைக்கிறேன், ஆனா அதை நீங்க சொல்லணும்.

ஜெகன்_டிவிஎம்
ஸ்பீடு மாறலைன்னா 15 − 15 = 0, அவ்ளோதான். எதுக்கு 21?

ரமணி_சீனியர்
இது முதல் வாரத்துல நடத்துற பாடம். வெக்டரை நம்பர் மாதிரி கழிக்கிறவங்களும் பதில் சொல்ல வந்துட்டாங்க. தம்பி, |Δv| = 2v sin(θ/2), போட்டுட்டு தூங்கு.

ஜெகன்_டிவிஎம்
சார் மரியாதையா பேசுங்க. அந்த ஃபார்முலால திசை எங்க இருக்கு? அவர் கேட்டதே திசை தானே.

கார்த்தி_11பி
சாரி, கிழக்குல இருந்து வடக்கு. 90 டிகிரி.

சும்மா_ஒருத்தன்
அப்ப கைடு தான் தப்பு. கிழக்குல இருந்து வருதுன்னா கார் மேற்கு பாத்து ஓடுது. வடக்கு அம்புல மேற்கு அம்பைக் கழிச்சா வடக்கும் கிழக்கும் மிஞ்சும். உன் வடகிழக்கு சரி. நூறு தடவ சொல்லியாச்சு கைடை நம்பாதீங்கன்னு.

மீனாட்சி_பிசிக்ஸ்
அவசரப்படாதீங்க. கார்த்தி, கிழக்குல இருந்து வந்துச்சா, இல்ல கிழக்கு நோக்கி போயிட்டு இருந்துச்சா? இதுல பதிலே மாறிடும்.

கார்த்தி_11பி
கிழக்கு நோக்கி. அப்புறம் இடது பக்கம் திரும்பி வடக்கு நோக்கி. புக்குல அப்படித்தான் இருக்கு, ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு அப்படி எழுதிட்டேன்.

மீனாட்சி_பிசிக்ஸ்
சரி, அப்ப கைடு சொல்றது தான் சரி. நீங்க கழிக்கல, கூட்டியிருக்கீங்க. ரெண்டு அம்பையும் ஒரே புள்ளியில ஆரம்பிச்சு வரைஞ்சு, சதுரத்தை முடிச்சு, அந்தப் புள்ளியில இருந்தே மூலைவிட்டம் போட்டிருப்பீங்க. அது v1 + v2, வடகிழக்கு தான் வரும். நமக்கு வேண்டியது இன்னொரு மூலைவிட்டம். பழைய அம்போட நுனியில ஆரம்பிச்சு புது அம்போட நுனிக்கு ஒரு கோடு போடுங்க. கிழக்கு நுனியில இருந்து வடக்கு நுனிக்குப் போகணும்னா மேற்கால 15, வடக்கால 15 போகணும், அதான் வடமேற்கு.

படம் குழப்புச்சுன்னா இப்படி எழுதிப் பாருங்க:

```
v1 = (15, 0)
v2 = (0, 15)
Δv = v2 - v1 = (-15, 15)
|Δv| = √(225 + 225) = 21.2
```

முதல் எண் மைனஸ்ல இருந்தா மேற்கு. சரியான்னு பாக்க ஒரே ஒரு வேலை: பழைய வெலாசிட்டியோட உங்க விடையைக் கூட்டுங்க, புதுசு வரணும். கிழக்கு 15 ஓட (−15, 15) கூட்டினா (0, 15). வந்துடுச்சு. உங்க வடகிழக்கைக் கூட்டிப் பாருங்க, (30, 15) வரும், அந்தக் கார் 33 மீ/வி-க்கு மேல பறக்கும்.

உங்களை ஏமாத்துனது என்னன்னா, சதுரத்துல ரெண்டு மூலைவிட்டமும் ஒரே நீளம். அதனால கூட்டினாலும் கழிச்சாலும் 21.2 தான். 60 டிகிரி திருப்பம்னா இந்தத் தப்பு அப்பவே தெரிஞ்சிருக்கும், கழிச்சா 15, கூட்டினா 26.

ரமணி_சீனியர்
நான் ஒரே வரியில சொன்னதை இருபது வரியில சொல்லியிருக்காங்க.

பட்டறை_முருகேசன்
கணக்கு இருக்கட்டும்ங்க, ஸ்பீடு மாறாம எந்தக் கார் வளைவுல திரும்புது? இருபது வருசமா வண்டி பாக்குறேன், ஆக்சிலேட்டர்ல அதே அளவுக்கு காலை வச்சிருந்தாலும் வளைவுல முள்ளு இறங்கும். இறங்கலைன்னா டிரைவர் லேசா மிதிச்சிருக்காருன்னு அர்த்தம். அலைன்மென்ட் சரியில்லாத வண்டின்னா இன்னும் மோசம், டயர் ஒரு பக்கமாவே தேயும்.

ரமணி_சீனியர்
வளைவுல விசை பாதைக்கு செங்குத்து. செங்குத்து விசை ஸ்பீடை மாத்தவே மாத்தாது. பட்டறை அனுபவத்தை பிசிக்ஸ்ல கலக்காதீங்க.

மீனாட்சி_பிசிக்ஸ்
செங்குத்தா இருந்தா மாத்தாது, சரிதான். ஆனா டயர் தர்ற பக்கவாட்டு விசை டயருக்குத் தானே செங்குத்து, பாதைக்கு இல்லையே. வளைவுல முன் சக்கரம், வண்டி போற திசையை விட கொஞ்சம் கூடுதலா உள்பக்கம் திரும்பியிருக்கும், அதனால அந்த விசையில ஒரு துண்டு பின்னால இழுக்கும். முருகேசன் அண்ணே சொல்றது நடக்குற விஷயம் தான். கேள்வியில "ஸ்பீடு மாறல"ன்னு கொடுத்துட்டதால அந்த இழுப்பை எஞ்சின் சரிக்கட்டிடுதுன்னு எடுத்துக்கலாம்.

பட்டறை_முருகேசன்
அதத்தான் நானும் சொன்னேன், மிதிச்சா தான் நிக்கும்னு.

ஜெகன்_டிவிஎம்
சரி, 0 இல்லன்னு ஒத்துக்கிறேன். ஆனா இன்னொண்ணு இடிக்குது. வளைவுல முடுக்கம் எப்பவும் மையத்தைப் பாத்து இருக்கும்னு தானே படிச்சோம்? திருப்பம் ஆரம்பிக்கிறப்ப மையம் காருக்கு நேர் வடக்குல இருக்கு, முடியுறப்ப நேர் மேற்குல இருக்கு. இந்த வடமேற்கு எங்கருந்து வந்துச்சு?

மீனாட்சி_பிசிக்ஸ்
நல்ல கேள்வி. வடமேற்கு மொத்தத் திருப்பத்துக்கும் சேர்த்து வர்ற திசை, ஒரு நொடியோட திசை இல்ல. வடக்குல ஆரம்பிச்சு மேற்கு வரைக்கும் முடுக்கம் சுத்திக்கிட்டே வருது, எல்லாத்தையும் கூட்டினா நடுவுல நிக்கும். வட்ட வளைவுன்னா பாதி திருப்பத்துல கார் இருக்குறப்ப மையம் சரியா வடமேற்குல தான் இருக்கும்.

திரும்ப 5 செகண்ட் ஆச்சுன்னு வச்சுக்கங்க. சராசரி முடுக்கம் 21.2 / 5 = 4.24. அதே 5 செகண்டுல கார் 75 மீட்டர் ஓடியிருக்கும், அது கால் வட்டம், ஆரம் கிட்டத்தட்ட 48 மீட்டர். v²/r போட்டா 4.7 வருது. ரெண்டும் ஒண்ணா வரலையேன்னு நிறைய பேர் இங்க தான் அடிச்சுட்டு திரும்ப போடுவாங்க, ஆனா ரெண்டுமே சரி. திசை மாறிக்கிட்டே இருக்குறதை சராசரி எடுத்தா கொஞ்சம் குறையத்தான் செய்யும், கால் வட்டத்துக்கு அது சுமார் 90 சதவீதம்.

சும்மா_ஒருத்தன்
வளைவு வட்டமா இல்லாம கோணலா இருந்தா?

மீனாட்சி_பிசிக்ஸ்
Δv-க்கு கவலையே இல்ல, நுழையுற வெலாசிட்டியும் வெளியேறுற வெலாசிட்டியும் போதும். v²/r தான் இடத்துக்கு இடம் மாறும்.

ரமணி_சீனியர்
அப்ப யூ-டர்ன் எடுத்தா எவ்ளோன்னு ஜெகன் சொல்லட்டும் பாப்போம்.

ஜெகன்_டிவிஎம்
30. அதுவும் வந்த திசைக்கு நேர் எதிரா. உங்க ஃபார்முலா போடாமலே சொல்லிட்டேன் சார்.

பட்டறை_முருகேசன்
54 கிலோமீட்டர்ல யூ-டர்னா? வண்டி என் பட்டறைக்கு தான் வரும்.

கார்த்தி_11பி
நுனில இருந்து நுனிக்கு போட்டேன், வந்துருச்சு. 60க்கும் 15 வருது. நன்றிக்கா. அடுத்த கணக்கு மழையில குடை புடிக்கிறது, அதுலயும் இதே மாதிரி கழிக்கணுமா?

ரமணி_சீனியர்
அதுக்கு தனியா கேளு.