பெரிய அச்சுப்பணி நகரவே மாட்டேன் என்கிறது: குறுகியதை முதலில் விடுவதா, வந்த வரிசையிலேயே விடுவதா?

நிவேதா (கேள்வி)

எங்கள் துறையில் பலர் ஒரே பிரிண்டரைப் பகிர்ந்துகொள்கிறோம். அது நிமிடத்துக்கு 20 பக்கங்கள் அச்சிடும். லினக்ஸ் சர்வர் ஒன்றில் கப்ஸ் வழியாக வரிசை நடக்கிறது. முதலில் வந்தது முதலில் என்று விட்டிருந்தபோது, யாரேனும் 200 பக்க அறிக்கையை அனுப்பிவிட்டால், அதற்குப் பின்னால் ஒரே ஒரு கடிதத்துக்காக வந்தவர் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. ஆகவே பக்கங்கள் குறைந்த பணிக்கு முன்னுரிமை எண்ணை உயர்த்தும் சிறிய நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். பெரும்பாலோரின் முறையீடு நின்றுவிட்டது. ஆனால் பெரிய அறிக்கைகளை அனுப்புபவர்கள், வேலை மிகுந்த நேரங்களில் தங்கள் பணி ஒரு மணி நேரம் வரை வரிசையிலேயே கிடக்கிறது என்கிறார்கள். `lpstat -o` கொடுத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது உண்மைதான். பழைய முறைக்கே திரும்புவதா, அல்லது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒழுங்கு ஏதேனும் உண்டா?

பிரபு

திரும்ப வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 நிமிடப் பணி ஒன்று, அதன்பின் 1, 2, 3 நிமிடப் பணிகள் என்று நான்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்ததாக வைத்துக்கொள்வோம். வந்த வரிசையில் விட்டால் காத்திருப்பு முறையே 0, 10, 11, 13 நிமிடங்கள், சராசரி 8.5. குறுகியதை முதலில் விட்டால் சிறியவை 0, 1, 3 நிமிடங்களும் பெரியது 6 நிமிடங்களும் காத்திருக்கும், சராசரி 2.5. இரண்டு முறையிலும் கடைசித் தாள் வெளிவருவது 16ஆம் நிமிடத்தில்தான், எனவே பிரிண்டருக்கு நட்டம் எதுவும் இல்லை. குறுகியது முதலில் என்பதே எப்போதும் சராசரிக் காத்திருப்பை மிகக் குறைவாக்கும். பெரிய பணி பட்டினி கிடக்கும் என்பதெல்லாம் ஏட்டில் உள்ள பயம். வரிசை எப்போதாவது காலியாகத்தானே செய்யும்?

கதிரவன்

எனக்கும் வரிசைச் சிக்கல்தான். என் பிரிண்டர் கடைசிப் பக்கத்தை முதலில் அச்சிடுகிறது, ஒவ்வொரு முறையும் தாள்களைக் கையால் திருப்பி அடுக்க வேண்டியிருக்கிறது. முன்னுரிமை எண்ணை மாற்றினால் இது சரியாகுமா?

நிவேதா

ஆகாது, கதிரவன் அவர்களே. உங்களுடையது ஒரு பணிக்குள் பக்கங்களின் வரிசை. `lp -o outputorder=normal` என்று கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மாறாவிட்டால் தனி இழையில் கேளுங்கள்.

பிரபு அவர்களே, வரிசை காலியாகும் என்பது சரி. எவ்வளவு நேரம் கழித்து என்பதுதான் என் கேள்வி.

இளவரசி

பிரபு போட்ட கணக்கில் பிழை இல்லை, ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு அளவுக்கு மீறியது. எல்லாப் பணிகளும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும்போதுதான் குறுகியது முதலில் என்பது சராசரியை மிகக் குறைவாக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியும்: அடுத்தடுத்த இரண்டு பணிகளில் நீண்டது முன்னால் இருந்தால், அவற்றை இடம் மாற்றும்போது ஒருவர் இழக்கும் நேரத்தைவிட மற்றவர் பெறும் நேரம் அதிகம். பணிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தால் நிலைமை வேறு. பிரிண்டர் சும்மா இருக்கையில் 10 நிமிடப் பணி வருகிறது, உடனே தொடங்கிவிடுகிறது. ஒரு நிமிடம் கழித்து 1 நிமிடப் பணிகள் மூன்று வருகின்றன. அவை 9, 10, 11 நிமிடங்கள் நிற்கும். நால்வரின் சராசரி 7.5. பிரிண்டர் அந்த முதல் நிமிடத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் சராசரி 1.75 தான். வரப்போவது யாருக்கும் தெரியாது என்பதால் அப்படிக் காத்திருக்கச் சொல்லவில்லை. பாதி அச்சான அடுக்கை நிறுத்திவைத்து இன்னொருவருடையதை நடுவில் நுழைப்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. "எப்போதும்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்கிறேன்.

இனி நிவேதா கேட்டது. பெரிய பணி வரும்போது அதற்கு முன்னால் 6 நிமிட அளவுக்குச் சிறிய பணிகள் நிற்கின்றன என்று கொள்வோம். அவை முடிவதற்குள் புதிய சிறியவை வரும். அவை முடிவதற்குள் இன்னும் சில வரும். பிரிண்டரின் நேரத்தில் எந்தப் பங்கைச் சிறியவை விழுங்குகின்றனவோ, அதை 1இலிருந்து கழித்து, அந்த மீதியால் 6ஐ வகுத்தால் சராசரியாக எப்போது வழி கிடைக்கும் என்பது தெரியும். சிறியவை பாதி நேரத்தை எடுத்தால் 12 நிமிடம்; பத்தில் ஏழு பங்கு எடுத்தால் 20 நிமிடம்; பத்தில் ஒன்பது பங்கு எடுத்தால் 60 நிமிடம். உங்கள் பயனர்கள் சொல்லும் ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்பது இதிலிருந்தே புரிந்திருக்கும். சிறியவை மட்டுமே பிரிண்டரை முழுதாக நிரப்பினால் தவிர நிரந்தரப் பட்டினி வராது என்ற அளவில் பிரபு சொன்னது சரிதான். ஆனால் அந்த எல்லையை நெருங்க நெருங்கக் காத்திருப்பு எகிறிவிடும்.

இடைவழி இருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும், அது வந்த நேரத்தோடு அதன் நீளத்தின் k மடங்கைக் கூட்டி ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, குறைந்த எண் உள்ளதை முதலில் விடுங்கள்:

```
எண் = வந்த_நிமிடம் + k * அச்சிட_ஆகும்_நிமிடம்
```

k பூச்சியம் என்றால் வந்த வரிசை; மிகப் பெரியது என்றால் குறுகியது முதலில். k-ஐ 2 என்று வைத்தால், இப்போது வந்த 10 நிமிடப் பணியின் எண் 20. அதன்பின் 18 நிமிடத்துக்குள் வரும் 1 நிமிடப் பணிகள் மட்டுமே அதைத் தாண்ட முடியும். 2 நிமிடப் பணி என்றால் 16 நிமிடத்துக்குள் வந்திருக்க வேண்டும். 20 நிமிடத்துக்குப் பின் வருவது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பின்னால்தான் நிற்கும். காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமை ஏறுவதாகச் சொல்லும் வழக்கமான ஏற்பாடும் இதுவே. இரண்டு பணிகளுக்கும் வயது ஒரே வேகத்தில் ஏறுவதால் அவற்றுக்கிடையே உள்ள முன்பின் ஒழுங்கு மாறுவதே இல்லை; எனவே எண்ணை ஒருமுறை கணக்கிட்டால் போதும்.

பிரபு

வந்துகொண்டிருக்கும் பணிகளைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் நிமிடக் கணக்கில் மட்டும் நியாயத்தைப் பார்க்கக் கூடாது. ஒரு நிமிட வேலைக்குப் பத்து நிமிடம் நிற்பவர் தன் வேலையைப் போலப் பத்து மடங்கு நிற்கிறார். பத்து நிமிட வேலைக்கு 20 நிமிடம் நிற்பவர் இரு மடங்குதான் நிற்கிறார். 200 பக்கம் அனுப்புபவர் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கவும் மாட்டார்.

நிவேதா

அந்த வாதம் என் பயனர்களிடம் எடுபடவில்லை. கூட்டத்துக்கு முன் அறிக்கை கையில் இருக்க வேண்டியவருக்கு மடங்குக் கணக்கு ஆறுதல் தராது. இளவரசி அவர்களே, கப்ஸில் முன்னுரிமை 1 முதல் 100 வரை முழு எண்ணாக மட்டும்தானே இருக்கிறது? நீங்கள் சொல்லும் எண்ணை அதற்குள் எப்படி அடக்குவது?

இளவரசி

அடக்க வேண்டாம், ஒழுங்கை மட்டும் கடத்துங்கள். காத்திருக்கும் பணிகளை அந்த எண்ணின்படி அடுக்கி, முதலாவதற்கு 99, அடுத்ததற்கு 98 என்று இறங்கிக்கொண்டே போகட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை நிரல் ஓடினால் போதும். புதிதாக வருவது இயல்பாக 50 என்ற முன்னுரிமையோடு வருவதால், நிரல் அதைப் பார்க்கும் வரை, ஏற்கெனவே அடுக்கியவற்றின் பின்னால் நிற்கும். அச்சாகத் தொடங்கிவிட்ட பணியை இது தொந்தரவு செய்யாது.

```
pdfinfo /var/spool/cups/d00231-001 | grep Pages
lp -i 231 -q 99
```

முதல் வரிக்கு நிர்வாகி உரிமை வேண்டும். முன்னுரிமை சமமாக இருந்தால் குறைந்த பணி எண் உள்ளதைக் கப்ஸ் முதலில் எடுக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை என்றால், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நிற்கும் பெரிய பணியைச் சிறியவற்றின் முன்னுரிமைக்கே உயர்த்திவிட்டாலும் போதும். அதன் பணி எண் பழையது என்பதால் தானாகவே அவற்றின் முன்னால் போய்விடும்.

சலீம்

ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நான் பார்த்துக்கொள்ளும் ஆய்வகத்தில் குறுகியது முதலில் என்று வைத்தவுடன், விவரம் தெரிந்தவர்கள் 200 பக்கத்தைப் பத்து இருபது பக்கக் கோப்புகளாக வெட்டி அனுப்பத் தொடங்கினார்கள். ஒவ்வொரு துண்டும் சிறியது என்பதால் எல்லாம் முன்னால் போயிற்று. ஒருவரின் துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒரே நீளமாகக் கணக்கிட்டபின் அந்த வழக்கம் நின்றது. இன்னொன்று: `lpstat` காட்டும் பைட் அளவை வைத்து நீளத்தை ஊகிக்காதீர்கள். ஒரே ஒரு படம் உள்ள பக்கம், நூறு பக்க வெறும் எழுத்தைவிடப் பெரிய கோப்பாக இருக்கக்கூடும். பக்க எண்ணிக்கையைப் படிகளின் எண்ணிக்கையால் பெருக்கவும் மறக்க வேண்டாம். ஒரு பக்கத்தை 80 படி கேட்பவர் உங்கள் நிரலின் கண்ணில் மிகச் சிறியவராகத் தெரிவார்.

பிரபு

வெட்டி அனுப்புவதைத் தடுப்பானேன்? துண்டுகளுக்கு இடையே மற்றவர்கள் நுழைய முடிந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே. இளவரசி காட்டிய அந்த 7.5 நிமிடச் சிக்கலும் அதனால் தீரும்.

சலீம்

துண்டுகள் கடைசியில் நின்றால் நல்லதுதான். முன்னால் நின்றால் அது வரிசை தாண்டுவதற்கு வேறு பெயர். மேலும் நடுவில் மற்றவரின் தாள்கள் கலந்த அடுக்கைப் பிரித்தெடுப்பதும் அவரவர் பாடு.

நிவேதா

k-ஐ 2 என்று வைத்து, படிகளையும் பெருக்கி, ஒருவரின் துண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடும்படி நிரலை மாற்றியிருக்கிறேன். `page_log` கோப்பில் பக்க விவரம் பதிவாகிறது, ஆகையால் அதே பதிவை வெவ்வேறு k-களுக்கு ஓட்டிப் பார்த்துச் சராசரியையும் மிக நீண்ட காத்திருப்பையும் ஒப்பிட முடியும் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை: படங்கள் நிறைந்த சில பிடிஎஃப் கோப்புகளில் பக்கங்கள் குறைவு, ஆனால் முதல் தாள் வெளிவரவே பிரிண்டர் நீண்ட நேரம் எடுக்கிறது. அந்தத் தயாரிப்பு நேரத்தை முன்கூட்டியே எப்படி மதிப்பிடுவது?

இளவரசி

அதற்கு நம்பகமான வழி எனக்குக் கிடைத்ததில்லை. அத்தகைய கோப்புகளை அனுப்புபவர் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ என்றால், அவர்களின் முந்தைய பணிகள் எடுத்த நேரத்தின் சராசரியைப் பக்கக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். வேறு யாரேனும் செய்து பார்த்திருந்தால் எழுதட்டும்.