கொலேஷனுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

நிரோஷா:
எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கு உறுப்பினர் பதிவு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டு இருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அமைப்புப் பக்கத்தில் "கொலேஷன்" என்று ஒரு தெரிவு இருக்கிறது. நேற்று வரைக்கும் அதைத் தொடாமல் விட்டிருந்தேன். நேற்று செயலாளர் பெயர் லிஸ்ற்றை அச்செடுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கனகா ஏன் கமலாவுக்கு முன்னால் நிற்கிறா?" என்று கேட்டார். பெயர்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று சொல்வதுதான் அந்தத் தெரிவு என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு நல்ல சொல் தாருங்கள். பொத்தானில் இரண்டு சொல்லுக்கு மேல் கொள்ளாது.

கௌரி:
நிரோஷா, இது எழுத்துருப் பிரச்சினை. எங்கள் கோயில் உபயகாரர் லிஸ்ற்றிலும் இதே கதை, அம்பிகாவுக்கு முன்னால் கமலா வந்தா. எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்.

ரிஷான்:
கௌரி அக்கா, உங்கள் லிஸ்ற் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். பாமினியில் 'அ' என்று தெரிவது உள்ளே ஆங்கில `m`, 'க' என்று தெரிவது `f`. `f` முந்தி, `m` பிந்தி. கணினி ஆங்கிலத்தைத்தான் அடுக்குகிறது. உங்களுடையதை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் மற்றப் பேச்சு.

நிரோஷாவின் லிஸ்ற் ஒருங்குறியில்தான் இருக்கிறது, அதனால் காரணம் வேறு. ஒரு ஏழு பெயரை எடுத்து அடுக்கிப் பார்த்தேன். இப்போது வருவது: கணேசன், கண்ணன், கனகா, கமலா, கயல்விழி, கற்பகம், கலா. வர வேண்டியது: கண்ணன், கணேசன், கமலா, கயல்விழி, கலா, கற்பகம், கனகா.

இரண்டு பிழை கலந்திருக்கிறது. ஒன்று, ஒருங்குறி அட்டவணையில் ன, ந வுக்குப் பக்கத்திலும் ற, ர வுக்குப் பக்கத்திலும் இருக்கின்றன. தேவநாகரியை மனத்தில் வைத்துப் போட்ட இஸ்கி என்ற பழைய இந்தியக் குறியீட்டு அட்டவணையின் ஒழுங்கு அது, அப்படியே வந்துவிட்டது. மற்றது புள்ளி. அதன் எண் `0BCD`, உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால். அதனால் எண்படி அடுக்கினால் ணே முந்தி, ண் பிந்தி.

பஞ்சலிங்கம்:
அன்புள்ள நிரோஷா, ரிஷான்,
"எழுத்தெனப் படுப அகரமுதல் னகர இறுவாய் முப்பஃதென்ப" என்று தொல்காப்பியம் தொடங்குகிறது. னகரம் இறுவாய் என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அதைக் கொண்டுபோய் நகரத்துக்குப் பக்கத்தில் இருத்தினால் கனகா வேறு எங்கே நிற்பாள்?

சொல்லுக்கு வருவோம். புதிதாக ஒன்றும் ஆக்கத் தேவையில்லை. 'நெடுங்கணக்கு' இருக்கிறது. கணக்கு என்றால் இங்கே எழுத்து. எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் கணக்காயர். நெடுங்கணக்கு என்பது எழுத்துகளின் முழு வரிசை. இதற்குமேல் பொருத்தம் எங்கே கிடைக்கும்? பக்கத்தில் அரிச்சுவடி என்ற சொல்லும் உண்டு. "அரி நமோத்து சிந்தம்" என்று தொடங்கியதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆனால் அரி என்பதற்கு வரி என்ற பொருளும் உண்டு என்பதால் எனக்கு அதில் ஓர் ஐயம். அதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

சுதன்:
மாஸ்டர், மன்னிக்க வேண்டும். பொத்தானில் 'நெடுங்கணக்கு' என்று கண்டால் பொருளாளர் சந்தாக் கணக்கு என்று நினைத்து அழுத்துவார். கொலேஷன் என்றே விடலாம், இல்லாவிட்டால் 'அகரவரிசை'. பிழையைத் திருத்தவும் ஒன்றும் பெரிய வேலை இல்லை. மைஎஸ்கியூஎல் 8 தரவுத்தளத்தில் `utf8mb4_0900_ai_ci` என்ற கொலேஷனைப் போட்டால் தானாகச் சரியாகிவிடும். நான் செய்திருக்கிறேன்.

ரிஷான்:
சுதன், பாதி சரி. அதைப் போட்டால் ன, ற இரண்டும் தம் இடத்துக்குப் போகும், கனகா கடைசிக்கு வந்துவிடுவா. ஆனால் கணேசனும் கண்ணனும் இன்னும் மாறியே நிற்பார்கள். அது எல்லா மொழிக்கும் பொதுவான ஒழுங்கு. மெய்யை உயிர்மெய்க்கு முன்னால் கொண்டுவரத் தமிழுக்கென்று தனி விதி வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை. நிரோஷாவின் மென்பொருள் ஓடுவது போஸ்ற்கிரெஸ் தரவுத்தளத்தின் மேல் என்று கேட்டு அறிந்தேன். அது, மொழிக்கு மொழி அடுக்கும் விதிகளை வைத்திருக்கும் ஐசியூ நிரலகத்தோடு சேர்த்துக் கட்டியதாக இருந்தால் வேலை சுலபம்:

```sql
CREATE COLLATION tamil (provider = icu, locale = 'ta');
SELECT peyar FROM members ORDER BY peyar COLLATE tamil;
```

'அகரவரிசை'யில் எனக்கு ஒரு குறை இருக்கிறது. கொலேஷன் வரிசையை மட்டும் சொல்வதில்லை, இரண்டு சொல் ஒன்றா வேறா என்பதையும் அதுதான் சொல்கிறது. சுதன் போட்ட பெயரின் கடைசியில் வரும் `ci`, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று என்று சொல்கிறது. அதில் வரிசை எங்கே? அதனால் 'ஒப்பீட்டு விதி' என்பேன்.

பஞ்சலிங்கம்:
ஒப்பீடு என்றதும் மாணவர் கம்பனையும் வால்மீகியையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். 'அகரநிரல்' எப்படி? நிரல்நிறை என்று அணியிலேயே இருக்கிறது.

சுதன்:
நிரல் என்றால் எங்கள் பாடப்புத்தகத்தில் அட்டவணையின் மேலிருந்து கீழ் போகும் பத்தி, மாஸ்டர். தமிழ்நாட்டில் அதுவே புரோகிராம். அகரநிரல் என்றால் பிள்ளைகள் எதை நினைக்கும்?

நிரோஷா:
ரிஷான் அண்ணா, அந்த இரண்டு வரியும் வேலை செய்தது. ஆனால் திரையில் 'பெயர்' என்ற தலைப்பை அழுத்தியதும் கனகா திரும்பவும் கமலாவுக்கு முன்னால் போய்விட்டா!

ரிஷான்:
தலைப்பை அழுத்தும்போது தரவுத்தளத்திடம் போவதில்லை. உலாவியே வந்த பெயர்களை மறுபடி அடுக்குகிறது. வெறும் `sort()` எழுதியிருப்பார்கள், அது எண்ணைத்தான் பார்க்கும். இப்படி மாற்றச் சொல்லுங்கள்:

```js
names.sort(new Intl.Collator('ta').compare);
```

இதற்குப் பிறகும் ஸ்ரீதரன்களைக் கவனியுங்கள். ஸ்ரீயைச் சிலர் ஸ வில் தொடங்கி அடித்திருப்பார்கள், சிலர் ஶ வில். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கொலேஷனுக்கு வேறு வேறு, ஆகவே லிஸ்ற்றில் இரண்டு இடத்தில் கூட்டமாக நிற்பார்கள். அதைப் பதிவிலேயே ஒன்றாக்க வேண்டும், இந்தத் தெரிவால் முடியாது.

கௌரி:
ஜெயந்தி எங்கே வருவா? எங்கள் வீட்டில் ஜெ என்றால் செ மாதிரித்தான் தேடுவார்கள்.

ரிஷான்:
ஐசியூவின் தமிழ் விதிப்படி ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ன வுக்குப் பின்னால். வள்ளிக்கும் பின்னால்தான் ஜெயந்தி. அகராதிக்கு அது பழக்கம். தொலைபேசி லிஸ்ற்றில் தேடுகிறவருக்கு அது பழக்கமா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

பஞ்சலிங்கம்:
பார்த்தீர்களா, இது விதியில்லை, மரபு. ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறுவதை விதி என்று எழுதக்கூடாது. நூன்மரபு, மொழிமரபு போல 'வரிசை மரபு' என்று வையுங்கள். இரண்டு சொல்தான். பொத்தானில் கொள்ளும்.

சுதன்:
கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா? 'வரிசை விதி' என்றால் தெரியும். ஒப்பீடு உள்ளே வருகிறதா இல்லையா என்று செயலாளர் கேட்கப்போவதில்லை. நான் வரிசை விதிக்கு.

ரிஷான்:
ஒப்பீடு விடுபடுகிறது. ஆனாலும் சரி, நானும் அதற்கே. நாளை வெள்ளி.

நிரோஷா:
அப்ப 'வரிசை விதி' என்று போட்டுவிட்டேன். மாஸ்டரின் சொல்லை உதவிப் பக்கத்தில் ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

பஞ்சலிங்கம்:
உதவிப் பக்கத்தை யார் வாசிக்கிறார்கள், பிள்ளை? என் மறுப்பைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். அரி பற்றிய கடிதம் எழுதி முடிந்துவிட்டது, தனியே அனுப்புகிறேன்.

கௌரி:
ரிஷான் தம்பி, அந்தப் பாமினி லிஸ்ற்றில் 640 பெயர். அதை மாற்றுவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா, இல்லை திரும்ப அடிக்கத்தான் வேண்டுமா?