நடுவில் வாடகை ஏறினால் எச்ஆர்ஏ கணக்கு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்

சென்னை, பழைய வரிமுறை. மாத அடிப்படைச் சம்பளம் 40,000, எச்ஆர்ஏ 18,000, டிஏ இல்லை. வாடகை செப்டம்பர் வரை 12,000, அக்டோபரிலிருந்து 16,000.

கிடைத்த எச்ஆர்ஏ, அடிப்படையில் பாதியான 20,000, வாடகையில் அடிப்படையின் 10% (4,000) போக மீதி: இம்மூன்றில் குறைந்ததுக்குத்தான் விலக்கு. ஆக முதல் ஆறு மாதம் 8,000 வீதம், பிறகு 12,000 வீதம், மொத்தம் 1,20,000 வரவேண்டும். அலுவலகமோ 12,000 ரசீதையே வருடம் முழுக்கப் போட்டு 96,000தான் காட்டியிருக்கிறது. 24,000க்கு வீண் வரி!

புது ரசீதுகள், வங்கிவழி கட்டிய ஆதாரம், ஆண்டு வாடகை லட்சம் தாண்டுவதால் உரிமையாளரின் பான் எல்லாம் கையில் உண்டு. ஃபார்ம் 16 வந்தாயிற்று. மீதியை ரிட்டர்னில் நேரடியாகக் கேட்டவர்களுக்கு நோட்டீஸ் வந்ததா? என்ன ஆதாரம் கேட்டார்கள்?