ஸ்லைடுகளையே அச்சிட்டுக் கொடுக்காமல், வகுப்புக்கென்று தனிக் கைத்தாள் தயாரிப்பது எப்படி?

செவிலியர் பயிற்றுநர்

வணக்கம். நோய் கண்டறியும் சோதனை ஒன்றில் நேர்மறை முடிவு வந்தவருக்கு உண்மையிலேயே அந்த நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் செவிலியர்களுக்கு விளக்கும் 45 நிமிட வகுப்பை நடத்திவருகிறேன். வகுப்பில் 24 ஸ்லைடுகள் உள்ளன. அவற்றையே பக்கத்துக்கு 6 வீதம் அச்சிட்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறேன். இதனால் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. நேர்மறை வந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு நோய் இருக்கும் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பலர் தாளைப் புரட்டி, 15 என்ற விடையைப் படித்துவிடுகிறார்கள். சில வாரங்கள் கழித்து அதே தாளை எடுத்துப் பார்ப்பவர்களுக்கோ அதிலுள்ள புள்ளிப் படங்கள் எதுவும் விளங்குவதில்லை. விளக்கம் முழுவதும் என் பேச்சில்தானே இருந்தது! A4 தாள் ஒன்றின் இரண்டு பக்கங்கள், கறுப்பு வெள்ளை அச்சு, இவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும். இதில் எதை வைக்கலாம், எதை விடலாம்?

அச்சுக்கூடத்தார்

பக்கத்துக்கு 6 ஸ்லைடு என்றால் எழுத்து மிகவும் பொடியாகிவிடும். 3 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். படத்தின் அருகில் குறிப்பெழுதக் கோடுகளும் வந்துவிடும். அச்சிடும்போது வண்ணத் தேர்வில் Pure Black and White என்பதை எடுத்தால் அடர்நிறப் பின்னணி மை குடிக்காது.

செவிலியர் பயிற்றுநர்

நன்றி ஐயா. எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது. படிக்க முடிவதால்தான் விடை முன்கூட்டியே வெளியாகிவிடுகிறது.

குறிப்பேடு

ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் உள்ள குறிப்புப் பகுதியில் நீங்கள் பேசப்போவதை முழு வாக்கியங்களாக எழுதிவிட்டு, Notes Pages என்ற வடிவில் அச்சிடுங்கள். படமும் விளக்கமும் சேர்ந்தே இருப்பதால், பிறகு படிப்பவருக்கு எந்தக் குழப்பமும் வராது.

பழைய வாத்தியார்

குறிப்பேடு சொல்வது வகுப்புக்கு வராதவருக்குப் பொருந்தும். இந்த வகுப்புக்குப் பொருந்தாது. அந்த வடிவில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஸ்லைடுதான் வரும் என்பதால் 24 ஸ்லைடுக்கு 24 பக்கங்கள் ஆகும். அதோடு, விடை மட்டுமன்றி விளக்கமும் முன்னதாகவே கைக்குப் போய்விடும். பேச்சைக் கேட்டுக்கொண்டே அதே பேச்சின் எழுத்து வடிவத்தையும் படிக்க முயல்பவர் இரண்டிலும் பாதியைத் தவறவிடுவார். ஆனாலும் குறிப்புகளை எழுதுங்கள். தாளின் பின்பக்கத்துக்கு அவையே மூலப்பொருள்.

அம்மா, ஸ்லைடுகளைச் சுருக்கிக் கைத்தாளாக்கும் முயற்சியை விட்டுவிட்டு, 24 ஸ்லைடுகளையும் ஒருமுறை பார்த்துவாருங்கள். ஒவ்வொன்றிலும், நான் அருகில் இல்லாதபோது பணியிடத்தில் இது ஒருவருக்குத் தேவைப்படுமா, அல்லது வகுப்பில் அவர் கையாலேயே செய்து பார்க்க வேண்டியதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அது திரையோடு நிற்கட்டும். புள்ளிப் படங்கள் அப்படிப்பட்டவை. நீங்கள் பேசப் பேசத்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு.

முன்பக்கத்தில் ஒரே ஓர் அட்டவணை போதும். உங்கள் விடை 15 என்பதால், நோய் 100 பேரில் ஒருவருக்கு உள்ளது, சோதனை நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கிறது, நோயற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்குத் தவறாக நேர்மறை காட்டுகிறது என்ற கணக்கைத்தான் எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தாளில் இந்த மூன்று விவரங்களையும் மொத்தம் 10,000 பேர் என்பதையும் மட்டும் அச்சிட்டு, மற்றக் கட்டங்களை வெறுமையாக விடுங்கள். நோயுள்ளவர் 100, அவர்களில் நேர்மறை 90. நோயற்றவர் 9,900, அவர்களில் நேர்மறை 495. ஆக மொத்த நேர்மறை 585 என்று அவர்களே நிரப்பட்டும். அவர்கள் எழுதிய பிறகே ஒவ்வோர் எண்ணும் திரையில் தோன்ற வேண்டும். 90-ஐ 585-ஆல் வகுத்து ஏறத்தாழ 15 விழுக்காடு என்று தாங்களே கண்டவர்கள், தாளில் படித்தவர்களைப் போல அதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

அதன் கீழே, ஸ்லைடில் இல்லாத இரண்டாவது கணக்கு ஒன்றை வையுங்கள். சோதனை அதுவே, ஆனால் நோய் 10 பேரில் ஒருவருக்கு உள்ள குழு. இப்போது நோயுள்ளவர்களில் நேர்மறை 900, நோயற்றவர்களில் 450. 1,350-இல் 900 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. சோதனை மாறாமலேயே முடிவின் பொருள் மாறிவிட்டதை அவர்கள் தாளிலேயே காண்பார்கள். இதற்குத் திரையில் ‘கணக்கு 2’ என்ற தலைப்பு மட்டும் போதும். தாளில் ஸ்லைடு எண்களைக் குறிப்பிடாதீர்கள். அடுத்த முறை ஒரு ஸ்லைடைச் சேர்த்தாலும் எல்லா எண்களும் பிசகிவிடும்.

வெற்றிடங்களில் எண்ணோ ஒற்றைச் சொல்லோ மட்டுமே எழுத வேண்டியிருக்கட்டும். நீங்கள் அடுத்த செய்திக்குப் போன பிறகும் தலைகள் குனிந்தே இருந்தால், வெற்றிடம் அதிகமாகிவிட்டது என்று பொருள். கட்டத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். கணினியில் பார்க்கும்போது தாராளமாகத் தெரிவது கையால் எழுதும்போது போதாமல் போகும்.

பின்பக்கம் பணியிடத்துக்கு உரியது. முதல் கணக்கின் முழு அட்டவணை, அதை விளக்கும் ஒரு பத்தி, நேர்மறை வந்தவரிடம் என்ன சொல்லலாம் என்பதற்கு இரண்டு மூன்று வாக்கியங்கள், இந்தக் கணக்கு எங்கே செல்லாது என்ற எச்சரிக்கை ஆகியவை அங்கே வரலாம். அறிகுறிகளோடு வருபவரிடையே நோய் இருக்கும் வாய்ப்பு முதலிலேயே அதிகம் என்பதால், பொதுப் பரிசோதனைக்கான 15 விழுக்காட்டை அவருக்குச் சொல்லிவிடக் கூடாது. உங்கள் ஸ்லைடில் இது இருக்கிறதோ இல்லையோ, தாளில் இருந்தாக வேண்டும்.

கணக்குப்பிள்ளை

நான் வரிக் கணக்கு பற்றி வகுப்பெடுப்பவன். தாளை முடிவில்தான் கொடுப்பேன். முன்பே கொடுத்தால் திரையை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் முடிவில் தருவேன் என்று அறிவித்த பிறகும் சிலர் ஒவ்வொரு ஸ்லைடையும் படியெடுத்துக்கொண்டும் படமெடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க முடியாது. பின்பக்கத்தில் முழு அட்டவணை இருந்தால் இங்கேயும் புரட்டிப் பார்த்துவிட மாட்டார்களா?

பழைய வாத்தியார்

பார்ப்பார்கள். அதனால் இரண்டு அரைத்தாள்களாக்கி, கணக்கை முதலிலும் விளக்கத்தை முடிவிலும் கொடுப்போர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தனித்தனியாகப் போன தாள்களில் ஒன்று கட்டாயம் தொலைந்துவிடும்.

செவிலியர் பயிற்றுநர்

நீங்கள் ஊகித்த கணக்கேதான். தாளை வரைந்து சக பணியாளர்கள் சிலரிடம் கொடுத்துப் பார்த்தேன். நோயுள்ளவர் வரிசையை எளிதாக நிரப்பினார்கள். நோயற்றவர் வரிசையில்தான் பலர் 495-க்குப் பதிலாக 9,405 என்று எழுதிவிட்டுத் திகைத்தார்கள். தாளில் நான் ‘நோயற்றவர்களில் 95 விழுக்காட்டினருக்குச் சரியான முடிவு’ என்று எழுதியிருந்தேன்.

பழைய வாத்தியார்

9,405 என்பது எதிர்மறை வந்தவர்களின் எண்ணிக்கை. அவர்கள் கணக்கிட்டது சரி, வைத்த கட்டம்தான் வேறு. ‘நோயற்ற 100 பேரில் 5 பேருக்குத் தவறாக நேர்மறை வரும்’ என்று மாற்றுங்கள். எதிர்மறைக்கும் ஒரு நெடுவரிசை சேர்த்துவிட்டால், 495-உம் 9,405-உம் கூடி 9,900 ஆகிறதா என்று அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள். நீங்கள் பேசும்போதும் அதே சொற்களைப் பயன்படுத்துங்கள். திரையில் 95, தாளில் 5 என்றிருந்தால் மறுபடியும் அதே குழப்பம் வரும்.

குறிப்பேடு

மெதுவாகக் கணக்கிடுபவர்களுக்கு இரண்டாவது கணக்கில் நோயுள்ளவர் வரிசையை முன்பே நிரப்பிக் கொடுத்தால் என்ன?

பழைய வாத்தியார்

45 நிமிடத்துக்குள் முடிக்க அது உதவும். ஆனால் 10 விழுக்காடு எங்கே நுழைகிறது என்பது அந்த வரிசையில்தான் தெரிகிறது. நான் 1,000 என்ற எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு 900-ஐ அவர்களிடம் விடுவேன். அந்தக் குழுவுக்கு எது ஒத்துவரும் என்பதை வகுப்பெடுப்பவர்தான் பார்க்க வேண்டும்.